‘நான்’ என்று தொடங்காத வாழ்க்கைக் குறிப்பு

விதி ஏழு இப்படிச் சொல்லியது: ‘விண்ணப்பதாரர் தன் கைப்பட எழுதி இணைக்கும் வாழ்க்கைக் குறிப்பில், ஒரு பணியைச் செய்தவர் யார் என்பதில் ஐயம் எழுமானால், அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் பெற்ற பின்னரே முடிவு செய்ய வேண்டும்.’ அரசாங்க விதிகளில் இவ்வளவு நியாயமான ஒன்றை என் முப்பத்துநான்கு வருடப் பணிக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லை. நியாயமான விதிகளுக்குப் பொதுவாக நேர்வதுதான் இதற்கும் நேர்ந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

நான் படித்தேன். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் அந்த விண்ணப்பம் என் அலுவலகத்துக்கு வரவேண்டியதில்லை. அது என் அக்காவுடையது.

முசரவாக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு நெசவுப் பயிற்சி நிலையம் திறக்கப்போவதாக 1967இல் அறிவிப்பு வந்தது. விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குப் பட்டு நெசவு சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியை வேண்டும். கரையையும் உடம்பையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையைச் சுயமாக நெய்தவராக இருக்க வேண்டும். மாதச் சம்பளம் உண்டு. நிலையத்தின் பின்கட்டில் தங்க ஒரு அறையும் சமையல்கட்டும் உண்டு. அறிவிப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “அறைக்குக் கதவு இருக்குதாடா? உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதா?” என்று கேட்டாள்.

அவள் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில், கணவரின் அண்ணன் வீட்டில், இரண்டு தறிகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தறிகளும் அந்த மூத்தார் பெயரில் கூட்டுறவுச் சங்கத்தில் பதிவாகியிருந்தன. ஒன்றில் அவர் நெய்தார். இன்னொன்றில் அக்கா நெய்தாள். சங்கத்தின் பார்வையில் இரண்டிலும் அவர்தான் நெய்தார். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு குழித்தறிகளில் கால் வைத்திருப்பது எப்படி என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்டதில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு வைக்க வேண்டும். தன்மையில், தன் கைப்பட. சங்கச் செயலாளர் பரிந்துரை எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்ப வேண்டும். அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அழகான கையெழுத்து. யாரிடமும் கேட்காமல் தானே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அரை நாள் விடுப்பு போட்டு அவளோடு சங்க அலுவலகத்துக்குப் போனேன்.

செயலாளர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டு நூலை நிறுத்துக் கொடுக்கும் தராசு. அதே பார்வையோடு காகிதத்தையும் நிறுத்துப் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பக்கம் அம்மை போட்டது போல ஆகிவிட்டது.

“இன்னாம்மா இது? நான் பொறந்தேன், நான் படிச்சேன், நான் உக்காந்தேன், நான் நெய்ஞ்சேன். எங்க தொட்டாலும் நானு! மேல இருக்கறவங்க படிச்சா, யாரோ ராணி எழுதியிருக்குதுன்னு நெனைப்பாங்க.”

“நான்தானே சார் நெய்யறேன்?” என்றாள் அக்கா.

“நீதான்மா. யார் இல்லன்னா? அதுக்காக ஒவ்வொரு வரியிலயும் வாசப்படியில நின்னுக்கினு இருக்கணுமா? கொறைச்சு எழுதியாம்மா. தம்பி படிச்ச ஆளுதானே, சொல்லிக் குடுப்பாரு.”

அவர் சொன்னதில் பாதி சரி. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது ஒரே கட்டையை ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருக்கிற ஓசை கேட்டது. எல்லா வாக்கியமும் ஒரே நீளம், ஒரே தொடக்கம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியவில்லை. பள்ளியில் படித்ததும், முந்தானையில் தனிநிறப் பாவு நூலை உடம்புப் பாவு நூலோடு இழை இழையாகப் பிணைக்கும் வேலையும் ஒரே குரலில் வந்தன. முதலாவது எல்லோருக்கும் உண்டு. இரண்டாவதைச் சுத்தமாகச் செய்பவர்கள் அந்தத் தெருவிலேயே சிலர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் உட்கார்ந்தோம். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தமிழ்ல இது சுலபம் அக்கா. ‘படித்தேன்’னு எழுதினாலே படிச்சது நீன்னு தெரிஞ்சுடும். முன்னாடி ‘நான்’ வேணாம்.”

“அப்ப நான் எங்க போறது?”

“வினைச்சொல்லோட வால்ல இருக்கே.”

“வால்லயா? நல்ல எடம் பாத்துக் குடுத்தடா தம்பி.”

என் மனைவி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். அப்புறம் வேலையைத் தொடங்கினோம்.

முதலில் பிறப்பு, படிப்பு, தறிக்கு வந்தது என்ற மூன்று வாக்கியங்களையும் ஒன்றாகச் சேர்த்தோம்: ‘பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்பு முடித்ததும் தறிக்கு வந்தேன்.’ மூன்று ‘நான்’ போய்விட்டது, எதுவும் குறையவில்லை. அடுத்ததைக் காலத்தில் தொடங்கினோம்: ‘முதல் சில வருடங்கள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுத்தேன்.’ இன்னொன்றைப் பொருளில் தொடங்கினோம்: ‘கோர்வைக் கரையும் தனிநிற முந்தானையும் தனியாகவே போடத் தெரியும்.’ ஒன்றைப் பிறர்மேல் ஏற்றினோம்: ‘மூன்று பெண்கள் என்னிடம் கற்றுக்கொண்டு இப்போது தனியாக நெய்கிறார்கள்.’ அக்காவுக்கு இது பிடித்துப்போயிற்று. நூல் அறுந்தால் முடி போடுகிறவளுக்கு வாக்கியத்தை அறுத்து முடி போடுவது பெரிய காரியமா? நான் ஒன்று சொல்வதற்குள் அவள் இரண்டு மாற்றிவிட்டாள்.

ஆனால் அந்த வேகம் எனக்குப் பழக்கமான ஒன்றை நினைவூட்டியது. எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் செய்யப்படுகின்றன. கோப்பு பரிசீலிக்கப்படுகிறது, மனு நிராகரிக்கப்படுகிறது, மழையில் ஆவணம் நனைக்கப்படுகிறது. ‘நான்’ என்ற சொல்லை அடியோடு ஒழித்துவிட்டால் கடைசியில் கிடைப்பது அந்தத் தமிழ்தான். அதில் பழியும் யாருக்கும் இல்லை, பாராட்டும் யாருக்கும் இல்லை. அதனால் அக்காவை நிறுத்தி ஒன்று சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிய பிறகு, ‘இதைச் செய்தது யார்?’ என்று கேட்டுக்கொள். பதில் கிடைக்கிறதா? ‘நான்’ வேண்டாம். பதில் இரண்டு பேரில் யாராகவும் இருக்கலாம் என்றால், அங்கே ‘நான்’ இருந்தே ஆக வேண்டும். முதல் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் இருக்கலாம், கடைசியில் இருக்கலாம். ஆனால் இருக்க வேண்டும்.

இதில் அவளுக்கு ஒரு தனிச் சிக்கலும் இருந்தது. கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். நடுவில் உட்காருபவர்தான் நெய்பவர். ஓரமாக உட்காருபவர் ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். ஓரத்தில் உட்காருவது வழக்கமாகப் பெண். அதனால் ஒரு பெண் ‘கோர்வைத் தறியில் உட்கார்ந்தேன்’ என்று எழுதினால் எல்லோரும் அவளை ஓரத்தில்தான் உட்கார வைப்பார்கள். அக்கா உட்கார்ந்தது நடுவில். மூத்தாரின் மனைவிதான் ஓரத்தில்.

அந்த வரியை எழுதத்தான் அன்று சாயங்காலம் வரை ஆயிற்று. பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டு அக்காவே கடைசியாக எழுதினாள்: ‘கணவர் இறந்தபின், எங்கள் வீட்டின் இரண்டாவது தறியில் நடுவில் உட்கார்ந்து நெய்பவள் நான்.’

படித்துக் காட்டினாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் மனைவி, “இது ஒண்ணு போதும் அண்ணி” என்றாள்.

பக்கம் முழுவதிலும் ‘நான்’ இரண்டே இடத்தில் இருந்தது. இரண்டும் வாக்கியத்தின் முதலில் இல்லை. அதைவிட நல்ல வாழ்க்கைக் குறிப்பை நான் பார்த்ததில்லை. எத்தனையோ பெரியவர்கள் எழுதியதைக் கட்டுக் கட்டாகப் படித்தவன் சொல்கிறேன்.

ஒரு பெண் வீட்டு அடுப்பைத் தாண்டி வேறு ஊருக்கு வேலைக்குப் போவதென்றால் வீட்டுப் பெரியவருக்குத் தெரியாமல் போக முடியாது. மூத்தாரிடம் காட்ட நானும் அவளும் போனோம். முறைப்படி அக்கா அவர் எதிரில் வந்து பேசக் கூடாது. உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். காகிதத்தை நான்தான் கொடுத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது அவரைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். தம்பி செத்த பிறகு தம்பி மனைவிக்கு அவர் ஆறு வருடம் சோறு போட்டார். உழைக்காத சோறு இல்லைதான். ஆனால் அந்த நாளில் உழைத்தும் கிடைக்காத வீடுகள் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த வரி வந்ததும் நிறுத்தினார்.

“மச்சான், இது இன்னா? நெய்பவள் நான்னு போட்டுக்குது.”

“உண்மைதானே மாமா?”

“உண்மைதான். யாரு பொய்ன்னா? நான் பாவு வாங்கியாரேன். நான் ஜரிகை வாங்கியாரேன். நான் சங்கத்துல போய் வரிசையில நிக்கிறேன். நான் தறி பூட்டினேன், நான் குழி வெட்டினேன். ‘நெய்பவள் நான்’னு எழுதி மேல அனுப்பிச்சுட்டா, அப்ப நான் இந்த வூட்ல இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? நாளைக்குச் சங்கத்துக்காரன் கேக்க மாட்டான்? உன் பேருல ரெண்டு தறி இருக்குது, ஒண்ணு உன்னுது இல்லியாமேன்னு?”

அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வாக்கியமும் ‘நான்’ என்றுதான் தொடங்கியது. அவற்றின் தலையில் யாரும் சிவப்புப் புள்ளி வைக்கவில்லை.

பயம் அவருக்கு நியாயமானது. தறிக்குத்தான் சங்கம் நூல் கொடுக்கும். தறி யார் பெயரில் என்ற கேள்வி எழுந்தால் ஒரு தறிக்கு வரும் நூல் நின்றுபோகும். “விண்ணப்பம் போவது வேறு இலாகாவுக்கு மாமா. சங்கத்துப் பதிவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை” என்றேன். அவர் காகிதத்தை மடித்துத் தரையில் வைத்தார்.

“நீ சர்க்கார் ஆளுப்பா. உனக்குச் சம்பந்தம் இருக்காது. எனக்கு எல்லாத்துக்கும் எல்லாத்தோடயும் சம்பந்தம் இருக்குது.”

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட இல்லை. அவள் வளையல் போடுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன்: “அந்த வரிய மட்டும் மாத்தாதே. வேற எத வேணும்னாலும் மாத்து.”

“சரிடா.”

கடைசி நாளுக்கு முன்பே அவள் விண்ணப்பத்தைச் சங்கத்தில் கொடுத்துவிட்டாள். வெள்ளைத்தாளில் திருத்தமாக எழுதியதை நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் செயலாளர் என்னைக் கடைத்தெருவில் பிடித்து நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

“அருமையா எழுதியிருக்குது சார் உங்க அக்கா! ஒரே ஒரு ‘நான்’கூடக் கிடையாது. அடக்கம்னா அடக்கம்! பரிந்துரையில நல்லா நாலு வரி போட்டு அனுப்பிச்சுட்டேன்.”

அவரோடு சங்கத்துக்குப் போனேன். சங்கத்து நகலை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘நெய்பவள் நான்’ என்றிருந்த இடத்தில், ‘கணவர் இறந்தபின்னும் எங்கள் வீட்டின் இரண்டாவது தறியில் கோர்வைச் சேலைகள் தொடர்ந்து இறங்குகின்றன’ என்று இருந்தது. கற்றுக்கொண்ட மூன்று பெண்களும் ‘எங்கள் வீட்டில்’ கற்றுக்கொண்டிருந்தார்கள். கோர்வையும் முந்தானையும் ‘போடப்படுகின்றன’.

தவறான வாக்கியங்கள் இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ‘நான் சேலை நெய்தேன்’ என்று எந்த நெசவாளனும் சொல்ல மாட்டான். ‘தறியிலிருந்து சேலை இறங்கிச்சு’ என்பான், மரத்திலிருந்து பழம் இறங்குவது போல. பழத்துக்குச் சொந்தக்காரன் மரத்துக்குச் சொந்தக்காரன்தான். தெருவில் இருப்பவர்களுக்கு மரத்தில் ஏறியது யார் என்று தெரியும். சென்னையில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஓடினேன். அக்கா தறியில் இருந்தாள், நடுவில்.

“ஏன் அக்கா?”

நாடாவை நிறுத்தவில்லை. “அவரு ரெண்டு நாளா சாப்பிடலடா. சாப்பிடாம ஒக்காந்திருக்கறவரு மூஞ்சிய பாத்துக்கினு எப்படி எழுதறது?” பிறகு, “எல்லாம் படிச்சா தெரியும். யாரு வேலை வேணும்னு கேட்டுக்கினு இருக்கறாளோ அவதானே நெய்யறவ? இது தெரியாதா அவங்களுக்கு?”

“தெரியலன்னா கேப்பாங்க” என்றேன். ஏழாம் விதியை மனதில் வைத்துத்தான் சொன்னேன். அதை நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

கேட்கவில்லை. 1968 தொடக்கத்தில் சங்கத்துக்கு ஒரு தாள் வந்தது. ‘விண்ணப்பதாரர் தறி உரிமையாளரின் குடும்பத்தைச் சேர்ந்த உதவியாளர் எனக் குறிப்பிலிருந்து அறியப்படுகிறது. சுயமாக நெய்தமைக்கு ஆதாரம் இல்லை. நிராகரிக்கப்படுகிறது.’ அறியப்படுகிறது, நிராகரிக்கப்படுகிறது. யார் அறிந்தார், யார் நிராகரித்தார் என்பது அதிலும் இல்லை.

நான் அந்தத் தாளை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “உதவியாளர்” என்று மட்டும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். தெரியாத ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பது போல.

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். காலக்கெடு இருந்தது, வழி இருந்தது, விதி ஏழு இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து இருப்பது அபூர்வம். அக்கா என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தானே எழுதினாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை. எழுதி முடித்ததும் காட்டினாள்.

‘மேற்படி தறியில் நடுவில் உட்கார்ந்து நெய்தது நான்தான். ஓரத்தில் உட்கார்ந்தது என் ஓரகத்தி. யார் வந்து பார்த்தாலும் அவர்கள் முன்னால் நெய்து காட்டத் தயாராக இருக்கிறேன். முதல் குறிப்பில் இதைத் தெளிவாக எழுதாமல் விட்டது வீட்டின் அமைதிக்காக.’

“கடைசி வரி வேணாமேடா? அவருக்குத் தெரிஞ்சா?”

“இருக்கட்டும் அக்கா. அவருக்குத் தெரியாது.”

“பதில் உன் வூட்டு விலாசத்துக்கு வரட்டும். அங்க வேணாம்.”

பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அதன்பிறகு மௌனம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டல் எழுதினேன். கோப்பு ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போனது, அங்கே ஒருவர் மாற்றலாகிப் போனார், வந்தவருக்குக் கோப்பு ஒப்படைக்கப்படவில்லை. சென்னைக்கே இரண்டு முறை போய் நின்றேன். என்னைப் போன்ற எழுத்தர்தான் மேசையில் இருந்தார். “பரிசீலனையில் உள்ளது” என்றார். அந்தச் சொல்லை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

முசரவாக்கத்து நிலையத்தில் ஆசிரியை இடம் நிரப்பப்படாமலே இருந்தது. அறையும் காலியாகவே இருந்தது. ஒருமுறை அந்தப் பக்கம் போன வேலைக்கு நடுவில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

“தாழ்ப்பாள் பாத்தியா?”

“இருக்குது அக்கா. உள்பக்கம்தான். இரும்புத் தாழ்ப்பாள்.”

“நல்லது” என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

1969 புரட்டாசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. முதலில் நாட்டு மருந்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. ஐப்பசி பாதியில் போய்விட்டாள். தறியில் ஒரு சேலை பாதியில் நின்றிருந்தது.

எடுப்பதற்கு முன்னால் தெருவே வந்து நின்றது. மூத்தார் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய குரலில், செயலாளர் காதில் விழ, எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: “அத்தனையும் அவ நெய்ஞ்சது மச்சான்! அந்த முந்தி போட இனிமே யாரு இருக்கறாங்க? நான் கரைப் பக்கம்கூட ஒக்காந்ததில்ல அவ தறியில. அத்தனையும் அவ!”

செயலாளர் தலையை ஆட்டினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாய்மொழிச் சான்றுக்கு அந்த விதிகளில் இடமில்லை; அழும்போது சொன்னதற்கு எந்த விதியிலும் இடமில்லை. அவர் மேல் எனக்கு அன்று கோபம் வரவில்லை. பிறகும் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

பாதியில் நின்ற சேலையை அவர் அறுத்து எடுக்கவில்லை, நெய்து முடிக்கவும் இல்லை. காரியம் முடியும் வரை அப்படியே துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

இலாகாவிலிருந்து கடிதம் வந்தது என் வீட்டு விலாசத்துக்கு, அக்கா பெயருக்கு. என் மனைவிதான் வாங்கினாள். பிரிக்காமல் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, நான் அலுவலகத்திலிருந்து வந்து கால் கழுவிய பிறகு எடுத்துக் கொடுத்தாள். மேல்முறையீடு ஏற்கப்பட்டிருந்தது. விதி ஏழின்படி விளக்கம் கோரத் தவறியது சுட்டிக்காட்டப்பட்டு, இப்போது கோரப்பட்டிருந்தது. சேலைகளை நெய்தவர் யார் என்பதை விண்ணப்பதாரர் தன் கைப்பட, தன்மையில், பதினைந்து நாட்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பியதும் நேரில் நெய்து காட்ட நாள் குறிக்கப்படும். குறை சொல்ல ஒன்றுமில்லாத கடிதம். முறைப்படி எழுதப்பட்டு, முறைப்படி கையொப்பமிடப்பட்டு, முறைப்படி முத்திரை குத்தப்பட்டிருந்தது.

அது வந்த நாள், அக்கா இறந்து ஐந்து வாரத்துக்குப் பின், 1969 டிசம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.